பயிற்சியாளருக்கு ஒரு பொன்னாடை

மதிப்பிற்குரிய பயிற்சியாளர் ஐயா அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரில், ஈசூனிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு முருங்கைக்காய் வாங்கப் போனவன், சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து உங்களுக்கு ஒரு பொன்னாடை வாங்கிவிட்டேன். விலையைச் சொல்ல மாட்டேன். நீங்கள் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் செய்ததன் முன்னால் அதெல்லாம் ஒரு விலையா?

என் அக்கா மகன் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். ஆறாம் செமஸ்டரை முடித்துவிட்டு மூன்று வாரம் என்னோடு தங்க வந்தான். ஆகஸ்டில் கேம்பஸ் இன்டர்வியூ. அவன் பெட்டியில் பாதியை அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கும் பருப்புப்பொடியும் அடைத்திருந்தன. மீதிப் பாதியில் நீங்கள் நாற்பது மணி நேரம் வகுப்பெடுத்து எழுதவைத்த நோட்டுகள் இருந்தன. ஆப்டிட்யூட்டுக்கு ஒன்று, குரூப் டிஸ்கஷனுக்கு ஒன்று, நேர்காணலுக்கு ஒன்று. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, மஞ்சள் குங்குமம் வைக்காத குறைதான்.

இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. ஒரு நிறுவனம் காலையில் வந்து, கல்லூரி ஆடிட்டோரியத்தில் அறுநூறு பேரை உட்காரவைத்து, சாயங்காலத்துக்குள் சலித்தெடுக்கும் திருவிழாவை இவர்கள் கண்டதில்லை. என் எதிர்வீட்டுப் பெண் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டிலிருந்தே தானே விண்ணப்பம் போட்டு, தானே வேலைப் பயிற்சிக்கு அலைகிறாள். சம்பளக் கணக்கு வெளியிடுவதில்கூட இங்கே கஞ்சத்தனம். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆண்டுதோறும் வெளியிடும் பட்டதாரிகள் வேலைவாய்ப்பு ஆய்வில் இடைநிலைச் சம்பளத்தைப் போடுகிறார்கள். எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்கிறவர் வாங்குவது அது. நம் ஊரில் தாராள மனசு. வரிசையின் உச்சியில் நிற்கும் ஒரே பிள்ளையின் சம்பளத்தை நெடுஞ்சாலை பேனரில் போட்டு, மற்ற எல்லாரையும் அதே வெளிச்சத்தில் நனைய வைக்கிறோம்.

சரி, உங்கள் புகழுக்கு வருகிறேன்.

முதலில் ஆப்டிட்யூட். நார்த்பாயிண்ட் சிட்டியில் இருக்கும் ஈசூன் நூலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அவனிடம் ஒரு கணக்குப் போட்டேன். “ஒருத்தர் ஆபீசுக்குப் போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், அதே வழியில் திரும்பும்போது 60. மொத்தப் பயணத்துக்குச் சராசரி வேகம் என்ன?”

“48 மாமா” என்றான். நான் கேள்வியை முடித்து வாயை மூடவில்லை. இரண்டு வேகத்தையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். உங்கள் நோட்டில் பதினேழாம் குறுக்குவழி. எனக்குப் புல்லரித்துவிட்டது.

“இப்ப இன்னொண்ணு. ஒருத்தர் முதல் ஒரு மணி நேரம் 40-ல ஓட்டுறார். அடுத்த ஒரு மணி நேரம் 60-ல ஓட்டுறார். சராசரி?”

“அதுவும் 48 தான் மாமா.” இந்தத் தடவை இன்னும் வேகம்.

முதல் மணியில் 40 கிலோமீட்டர், அடுத்த மணியில் 60. இரண்டு மணி நேரத்தில் 100. ஆக சராசரி 50. ஆறாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி 50 என்று சொல்லும். மூன்றாண்டு பொறியியலும் உங்கள் நாற்பது மணி நேரமும் சேர்ந்தால்தான் 48 என்று சொல்லும் திறமை வரும்.

முதல் கணக்கில் ஏன் 50 வரவில்லை என்று கேட்டேன். “சார் அதைச் சொல்லலைங்க மாமா, ஃபார்முலா போதும்னாரு” என்றான். எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு! காரணத்தைச் சொல்லியிருந்தால் பிள்ளைக்கு அது ஆயுசுக்கும் சுமை. வழி 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போக மூன்று மணி நேரம், வர இரண்டு மணி நேரம். மெதுவான பயணம் அதிக நேரத்தைத் தின்கிறது. அதனால் சராசரி மெதுவான பக்கம் சாய்கிறது. 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48. தூரம் சமமா, நேரம் சமமா என்று கேள்வியில் ஒரு சொல்லைப் பார்த்தால் போதும், எந்தக் கணக்கு என்று தெரிந்துவிடும். அந்தச் சொல்லைப் பார்க்கும் வேலையிலிருந்து பிள்ளைகளுக்கு நீங்கள் விடுதலை கொடுத்துவிட்டீர்கள். கேள்வி எழுதுகிறவரும் பதினேழாம் குறுக்குவழியைப் படித்தவர்தான். இரண்டாம் கணக்கின் நான்கு விடைகளில் 48-ஐ ஒன்றாக வைத்துவிட்டு, உங்கள் மாணவர்கள் வரும் வழி பார்த்து உட்கார்ந்திருப்பார்.

அவன் எழுதிய மாதிரித் தேர்வு மதிப்பெண்களை ஒரு தாளில் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். கணக்கில் 20-க்கு 17, 18, 17. தர்க்கத்தில் 15, 16, 16. ஆங்கிலத்தில் 8, 7, 8. மொத்தம் அறுபதுக்கு நாற்பதுக்குக் குறையவில்லை, “நல்ல ஸ்கோர்” என்று நீங்கள் தட்டிக்கொடுத்தீர்களாம். பல நிறுவனங்களில் பகுதிக்குப் பகுதி தனித்தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் உண்டு. ஒரு பகுதியில் தவறினால் மற்ற இரண்டிலும் வாங்கியது வெறும் காகிதம். இது தெரிந்தும் நாற்பது மணி நேரத்தில் முப்பதைக் கணக்குக்கே கொடுத்தீர்கள். புண்பட்ட காலைத் தொட்டால் பிள்ளைக்கு வலிக்குமே என்று நல்ல காலுக்கே தைலம் தடவிய இந்தக் கருணை எந்த வைத்தியருக்கு வரும்? அவனுக்குத் தேவைப்பட்டது இன்னொரு சூத்திரம் அல்ல. தினம் ஒரு ஆங்கிலப் பத்தியைக் கடிகாரம் வைத்துப் படித்து, அதில் என்ன சொல்லியிருக்கிறது, என்ன சொல்லவில்லை என்று பிரித்துப் பழகுவது. கடைசித் தேர்வின் ஆங்கிலத்தில் தவறவிட்ட பன்னிரண்டில் ஏழு, பத்தியில் இல்லாத ஒன்றை இவனாகவே நினைத்துக்கொண்டு குறித்த விடைகள்.

தெரியாத கேள்விக்கெல்லாம் மூன்றாம் விடையைக் குறி என்று நீங்கள் அருளிய மந்திரத்தையும் சொல்லியாக வேண்டும். தப்புக்கு மதிப்பெண் பிடிக்காத தேர்வு என்றால் மந்திரமே தேவையில்லை, எதையாவது குறித்துவிட்டு வரலாம். ஒரு கேள்வியையும் வெறுமனே விட்டு வருவதுதான் அங்கே நஷ்டம். ஒரு தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும் தேர்வு என்றால் கதை வேறு. நான்கு விடையுள்ள பன்னிரண்டு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், சராசரியாக மூன்று சரி, ஒன்பது தப்பு. மூன்று வந்து மூன்று போகும், கையில் பூஜ்யம். ஆனால் ஒவ்வொன்றிலும் நிச்சயமாகத் தப்பு என்று ஒரே ஒரு விடையை அடிக்கத் தெரிந்தால் நான்கு சரி, எட்டு தப்பு. நான்கு வரும், இரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாகப் போகும். லாபம். ஆகவே முதல் திரையில் வரும் விதிமுறையைப் படித்துவிட்டுத்தான் மந்திரத்தைத் தொட வேண்டும். “விதிமுறையைப் படிக்காதே, நேரம் போகும்” என்றும் நீங்கள்தான் சொன்னீர்களாம்.

அடுத்தது குரூப் டிஸ்கஷன். இங்கேதான் உங்கள் கலை உச்சத்துக்குப் போகிறது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஈசூன் குளக்கரையில் ஒரு விவாதம் வைத்தோம். என் மருமகன், எதிர்வீட்டுப் பெண், அவள் தோழிகள் இரண்டு பேர். பார்வையாளராக எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு பெரியவர். ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்த ஊர்த் தமிழர். தலைப்பு, வகுப்பறையில் கைப்பேசியைத் தடை செய்யலாமா. எட்டு நிமிடம்.

‘முதலில் வாய் திறப்பவனுக்கே மதிப்பெண்’ என்ற உங்கள் பொன்மொழிப்படி நம்மவன்தான் தொடங்கினான். நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு, அறிவியல் ஒரு வரமா சாபமா, நமக்கெல்லாம் தெரிந்ததுபோல என்று உங்கள் நோட்டின் முதல் பக்கம் முழுவதையும் ஒப்பித்தான். கைப்பேசி என்ற சொல் வர ஐம்பது விநாடி ஆனது. பிறகு யார் பேசினாலும் இடையில் புகுந்தான். குரலை உயர்த்தினான். கையை வீசினான். குளக்கரைக் கொக்கு ஒன்று எழுந்து பறந்தது.

நம் ஊர்ப் பயிற்சியில் இதற்கு மீன் சந்தை என்று பெயர். சோங் பாங் ஈரச் சந்தையில் நான் பல வருடமாக மீன் வாங்குகிறேன். அங்கே ஒருவர் கேட்டு முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பார், மீன்காரரும் யார் கேட்டதற்கு என்ன பதில் என்று மறப்பதில்லை. உங்கள் மாணவரைப் பார்த்த பிறகு அந்தப் பெயர் மீன்காரர்களுக்குச் செய்யும் அநியாயம் என்று தோன்றியது.

முடிந்ததும் பெரியவர் தன் தாளைக் காட்டினார். அவர் பேச்சை எழுதவில்லை. நான்கு பெயர், மூன்று கட்டம், கோடு கோடாகக் கணக்கு. எத்தனை முறை புதுச் செய்தி சொன்னார், எத்தனை முறை அடுத்தவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார், எத்தனை முறை குறுக்கே வெட்டினார். நம்மவன் ஏழு முறை பேசியிருந்தான். புதுச் செய்தி ஒன்று. அடுத்தவர் சொன்னதைத் தொட்டது பூஜ்யம். வெட்டியது நான்கு. எதிர்வீட்டுப் பெண் பேசியது மூன்றே முறை. அதில் ஒன்று இது: “நீங்க ரெண்டு பேரும் சண்டை போடவே தேவையில்ல. ஒருத்தங்க பரீட்சை நேரத்தப் பத்திப் பேசுறீங்க, இன்னொருத்தங்க பாட நேரத்தப் பத்திப் பேசுறீங்க. பரீட்சையில தடை வேணும்னு எல்லாருக்கும் சம்மதம். பாட நேரத்த மட்டும் பேசுவோமா?”

அந்த வாக்கியத்துக்காகப் போட்ட கோட்டைச் சுற்றிப் பெரியவர் ஒரு வட்டம் போட்டிருந்தார். “தம்பி, நான் சம்பளம் குடுக்கப்போறது இதுக்குத்தான். ஒரு கூட்டத்துல பத்துப் பேர் கத்துவாங்க. எங்க ஒத்துப்போறோம், எங்க பிரியுறோம்னு எடுத்துச் சொல்ல ஒருத்தர்தான் இருப்பாங்க” என்றார். இங்கே பெரிய நிறுவனங்கள் வைக்கும் குழுப் பயிற்சியில் தலைப்போடு விட்டுவிடுவதில்லை, ஒரு தகவல் தாளும் கொடுத்து, நேரத்துக்குள் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரச் சொல்வார்கள் என்றும் சொன்னார். நாணயத்தின் இரண்டு பக்கத்தை அங்கே எங்கே வைப்பது?

கணக்கைப் பாருங்கள் ஐயா. பத்துப் பேர், பதினைந்து நிமிடம் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். அரை நிமிடமாக மூன்று முறை வாய் திறக்கலாம், அவ்வளவுதான். ஒன்று, தலைப்புக்குள் ஒரு எல்லையோ கணக்கோ கொண்டுவர. ஒன்று, முன்னால் பேசியவர் பெயரைச் சொல்லி அவர் கருத்தை நீட்டவோ மறுக்கவோ. ஒன்று, கடைசியில் எங்கே வந்து நிற்கிறோம் என்று தொகுக்க. வரவேற்புரைக்கே ஐம்பது விநாடி கொடுக்கும் உங்கள் தாராளத்தில் இந்த மூன்றில் இரண்டு கரைந்துவிடுகின்றன. மென்பொருள் நிறுவனங்களில் பல இந்தச் சுற்றையே வைப்பதில்லை. உங்கள் மாணவர்கள் பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது நேர்காணல். அவன் ரெஸ்யூமேயைக் கேட்டு வாங்கிப் படித்தேன். சி, சி++, ஜாவா, பைதான், மெஷின் லேர்னிங், கிளவுட் என்று ஒரே வரியில் ஆறு. உங்கள் வகுப்பில் எல்லார் ரெஸ்யூமேயிலும் அதே வரிதானாம். ஒரு கல்யாணத்துக்கு வந்த எல்லாருக்கும் ஒரே தாம்பூலப் பை கொடுப்பது போன்ற சமத்துவம். ரெஸ்யூமேயில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் ‘இதில் என்னைக் கேளுங்கள்’ என்று நாமே கொடுக்கும் அழைப்பிதழ். தெரியாத வீட்டு முகவரிக்கும் அழைப்பிதழ் அச்சடித்துத் தந்தீர்களே, அந்த மனசு யாருக்கு வரும்!

ப்ராஜெக்ட் என்ற இடத்தில் ‘முகம் பார்த்து வருகைப் பதிவு’ என்று இருந்தது. நான் கேள்வி கேட்கிறவனாக உட்கார்ந்தேன்.

“எவ்வளவு சரியாக் கண்டுபிடிக்குது?”

“தொண்ணூத்தஞ்சு சதவீதம் சார்.” நோட்டில் இருக்கும் எண்.

“எத்தனை படத்துல தொண்ணூத்தஞ்சு?”

மௌனம்.

“ஜன்னல் பக்கம் உக்காந்து முகத்துல நிழல் விழுந்தா?”

மௌனம் தொடர்ந்தது. பிறகு மெதுவாகச் சொன்னான். “மாமா, அந்தப் பகுதி ப்ராஜெக்ட் சென்டர்ல வாங்குனது. சார்தான் எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னாரு.”

உள்ளதைச் சொல்லிவிட்டானே என்று நிம்மதியாக இருந்தது. “அதுல நீ எதையாச்சும் செஞ்சியா?”

“ஒண்ணே ஒண்ணு. ஒருத்தன் கேமரா முன்னாடி பத்து விநாடி நின்னா அவன் பேரு இருபது தடவை பதிவாயிருச்சு. ஒரு பேரு பதிவான பத்து நிமிஷத்துக்குள்ள மறுபடி வந்தா விட்டுரு அப்படின்னு ஒரு கண்டிஷன் எழுதுனேன். அப்புறம் ஒருத்தன் வெளிய போயிட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தா அது பதிவாகல. அதனால உள்ளே, வெளியேன்னு ரெண்டு கேமராவுக்குத் தனித்தனியா மாத்துனேன். அதுக்கே ரெண்டு நாள் ஆச்சு மாமா.”

ஐயா, அந்த மூன்று நிமிடத்தில் அவன் கண் வேறு மாதிரி இருந்தது. என்ன தப்பு நடந்தது, எப்படித் தெரிந்தது, என்ன செய்தான், செய்ததில் இன்னொரு தப்பு எப்படி முளைத்தது என்று கோவையாக வந்தது. நேர்காணல் செய்கிறவர் எதிர்பார்க்கும் வடிவமும் இதேதான். ஆனால் ரெஸ்யூமேயில் அது ஒரு வரிகூட இல்லை. ‘சின்ன வேலையையெல்லாம் போடாதே, கம்பீரமாக இருக்காது’ என்று நீங்கள் அடித்துவிட்டீர்களாம். வாங்கிய பொருளை மேடையில் ஏற்றி, சொந்த உழைப்பை அடுக்களையில் ஒளித்துவைக்கும் நாகரிகத்தை உங்களிடம்தான் கற்க வேண்டும்.

‘உங்கள் பலவீனம் என்ன?’ என்ற கேள்விக்கு ‘எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன்’ என்று வகுப்பு முழுவதற்கும் ஒரே பலவீனத்தைப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். காலையிலிருந்து நாற்பது பேரிடம் இதே பலவீனத்தைக் கேட்ட மனிதர் நாற்பத்தொன்றாவது ஆளைப் பார்த்து என்ன எழுதுவார்? இவனிடம் கேட்டால் உண்மையில் சொல்ல ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பத்தியை வேகமாகப் படித்துத் தப்பாகப் புரிந்துகொள்கிறான், அதற்காக இப்போது தினம் இருபது நிமிடம் ஒதுக்குகிறான். பலவீனமும் உண்டு, அதற்குச் செய்யும் வேலையும் உண்டு. ஆனால் அது உங்கள் நோட்டில் இல்லை.

உங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘உள்ளே நுழைந்துவிட்டால் போதும், பிறகு எல்லாம் தானாக நடக்கும்’ என்று சிவப்பு மையில் இருந்தது. 2025 பிப்ரவரியில் இன்போசிஸின் மைசூரு பயிற்சி வளாகத்திலிருந்து 300-க்கும் மேற்பட்ட புதியவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பலர் வேலைக்கான கடிதத்தை வாங்கிவிட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்கள். உள்தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். தேர்வு கடினமாக்கப்பட்டது என்று பிள்ளைகள் தரப்பில் குறை சொன்னார்கள். யார் சொன்னது சரியோ, நுழைந்தால் போதும் என்பது மட்டும் சரியில்லை என்று தெரிந்துவிட்டது. வாசலைத் தாண்டும் வித்தையை நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள். வீட்டுக்குள் என்ன செய்வது என்பதை மைசூரு பார்த்துக்கொள்ளும் என்று விட்டீர்கள். பொறுப்பை இப்படிப் பிரித்துக்கொள்வதும் ஒரு நிர்வாகத் திறமைதான்.

பையன் நேற்று ஊருக்குக் கிளம்பினான். போகுமுன் ரெஸ்யூமேயில் அந்த வரியின் நான்கு சொற்களை அடித்துவிட்டான், பைதானும் சி-யும் மிச்சம். ப்ராஜெக்டில் ‘முகம் கண்டறியும் பகுதி வெளியில் பெற்றது, திரும்பத் திரும்பப் பதிவாவதைத் தடுக்கும் பகுதி நான் எழுதியது’ என்று இரண்டு வரி சேர்த்தான். அதைப் பார்த்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், மன்னித்துவிடுங்கள்.

பொன்னாடையை அவன் பெட்டியில்தான் வைத்தனுப்பியிருக்கிறேன். “எப்ப மாமா சாருக்குப் போத்தணும்?” என்று விமான நிலையத்தில் கேட்டான். உங்கள் அடுத்த வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து “ஏன் சார் 48, ஏன் 50 இல்லை?” என்று கேட்கும். அன்றைக்கு நீங்கள் சூத்திரத்தை அழித்துவிட்டு, போக மூன்று மணி, வர இரண்டு மணி என்று பலகையில் எழுதினால், அங்கேயே போர்த்திவிடச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அது மடிப்புக் கலையாமல் அவன் அலமாரியில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் மாணவன் ஒருவனின் மாமன்,
ஈசூன், சிங்கப்பூர்.